மெனோபாஸும் நெடுந்தூர ஓட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுந்தூரம் ஓடும் பெண்களுக்குப் பதினொரு ஆண்டுகளாகப் பயிற்சி கொடுக்கிறேன். எனக்கு இப்போது 55 வயது. மெனோபாஸ் கட்டத்தை ஓடிக்கொண்டேதான் கடந்தேன். ஓட்டம் முடிந்து காலை நீட்டி உட்காரும்போது தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருத்துவரிடம் போகவேண்டிய இடம் எங்கெங்கே வருகிறதோ அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

அக்கா, எனக்கு 48 வயசு. பீரியட்ஸ் ஒரு மாசம் வருது, மூணு மாசம் வரல. இதுதான் மெனோபாஸா?

இது அதற்கு முந்தைய கட்டம். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால்தான், கடைசியாக வந்த நாளைத் திரும்பிப் பார்த்து அதை மெனோபாஸ் என்று குறிப்பார்கள். அதற்கு முன் சில ஆண்டுகள் இப்படித் தாறுமாறாகத்தான் போகும். ஈஸ்ட்ரோஜன் அப்போது படிப்படியாக இறங்குவதில்லை. ஒரு மாதம் எகிறும், அடுத்த மாதம் சரியும். ஒரு வாரம் பறப்பதுபோல் ஓடியவர் மறுவாரம் காலைத் தூக்கி வைக்கவே திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கட்டத்தில் இரண்டு விஷயங்களைப் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதலாவது, உதிரப்போக்கு. சிலருக்கு மிக அதிகமாகப் போய் இரும்புச்சத்து கரைந்துவிடும். களைப்பை வயதின் மேல் போட்டுவிட்டு மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை ரத்தத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, 12 மாதம் நின்றபிறகு மறுபடி உதிரம் பட்டால், அது ஒரு சொட்டே ஆனாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். "ஓடினதால இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது.

மூணு வருஷமா அதே பயிற்சிதான் பண்றேன். இப்ப மட்டும் ஏன் உடம்பு தாங்க மாட்டேங்குது?

ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு மட்டும் வேலை செய்த ஹார்மோன் அல்ல. பயிற்சியில் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தைச் சரிசெய்யும் செல்களுக்கு அது துணை நின்றது. எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி வைத்தது. தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, உடம்பு கொஞ்சம் சூடானதுமே வியர்க்க வைத்தது. இந்த மூன்றும் நமக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருந்ததால், நம் பயிற்சி அட்டவணை எதிலும் இவற்றுக்கென்று தனி இடம் கிடையாது. இப்போது அந்த இடத்தை நாம்தான் ஒதுக்க வேண்டும்.

இதயம், நுரையீரல், தசை நார்கள் எல்லாம் பயிற்சிக்கு இன்னும் நன்றாகவே பதில் சொல்கின்றன. அதனால் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை; அதே வாரத்தை வேறு மாதிரி அடுக்க வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்த அடுக்கும் முறையைப் பற்றியவைதான்.

கஷ்டமான ஓட்டத்துக்கு நடுவுல எத்தனை நாள் விடணும்?

முன்பு ஒரு நாள் விட்டு ஒரு நாள், வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் இன்டர்வெல், வேகத்தைக் குறையாமல் பிடித்து ஓடும் டெம்போ என்று ஓடி வந்தவர்கள், இனி 48 மணி நேரத்தைக் குறைந்தபட்சமாகவும் 72 மணி நேரத்தை வழக்கமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இது எல்லோருக்கும் பொருந்தும் விதி அல்ல, தொடங்குவதற்கான ஒரு புள்ளி. உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். வழக்கமான மெதுவான ஓட்டத்தில், அதே பாதையில், அதே வேகத்தில் நாடித்துடிப்பு எவ்வளவு என்று குறித்து வையுங்கள். கடின ஓட்டத்துக்கு இரண்டு நாள் கழித்தும் அது வழக்கத்தைவிட ஏழெட்டு துடிப்பு கூடவே இருந்தால் உடம்பு இன்னும் திரும்பவில்லை.

இடையில் வரும் மெதுவான ஓட்டம் உண்மையாகவே மெதுவாக இருக்க வேண்டும். முழு வாக்கியமாகப் பேச முடியாத ஓட்டம் மெதுவான ஓட்டமல்ல. நான் பார்த்தவரையில், இந்த வயதில் தேறாமல் போகிறவர்களில் பெரும்பாலானோர் கடின நாட்களில் அதிகம் ஓடியவர்கள் அல்ல. மெதுவான நாட்களில் வேகமாக ஓடியவர்கள்.

புரதமும் இந்தக் கணக்கில் சேரும். வயது ஏற ஏறத் தசைக்கு அதே புரதம் போதாது. ஓடுகிறவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் நல்ல அளவு. 56 கிலோ எடை என்றால் 90 கிராம். அதை இரவுச் சாப்பாட்டில் மொத்தமாக வைக்காமல், வேளைக்கு 30 கிராமாகப் பிரித்து, அதில் ஒரு வேளை ஓடி முடித்த உடனே வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவுக்குப் போக வேண்டாம்.

ராத்திரி நாலு தடவை வேர்த்து விறுவிறுத்து எழுந்திரிச்சேன். காலைல இன்டர்வெல் இருக்கு. ஓடலாமா?

ஓடலாம், இன்டர்வெல் வேண்டாம். அதை அடுத்த நாளுக்குத் தள்ளிவிட்டு 30 நிமிடம் மெதுவாக ஓடுங்கள். தள்ளி வைத்த நாளுக்குப் பிறகும் மேலே சொன்ன இடைவெளி வேண்டும். இரண்டு கடின நாட்களை ஒட்டவைத்து வாரத்தைச் "சரிக்கட்ட" முயலாதீர்கள். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் இப்படிப் போனால் பயிற்சியைத் திருத்திப் பயனில்லை. இரவு வியர்வைக்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன, மருத்துவரைப் பாருங்கள்.

நான்தான் தினமும் ஓடறேனே, எலும்புக்கு அது போதாதா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நானும் என் முதல் எலும்பு அடர்த்தி ஸ்கேன் முடிவைக் கையில் வாங்கும்வரை போதும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசி மாதவிடாய்க்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு தொடங்கி, அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் வரை எலும்பு இழப்பு மிக வேகமாக நடக்கும். முதுகெலும்பில் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு போகலாம். பிறகு வேகம் தணியும், ஆனால் நிற்காது.

ஓட்டம் ஏன் போதவில்லை என்பதற்குக் காரணம் எலும்பின் கேட்கும் திறனில் இருக்கிறது. எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள்தான் சுமையை உணர்ந்து "இங்கே கட்டு" என்று சொல்கின்றன. விலங்குகளில் செய்த சோதனைகளில், சில பத்துத் தடவை சுமை விழுந்ததுமே இந்தச் செல்கள் காது கேளாதவைபோல் ஆகிவிடுவது தெரிந்தது. பல மணி நேர ஓய்வுக்குப் பிறகே அவை மறுபடி கேட்கத் தொடங்குகின்றன. ஒரு மணி நேர ஓட்டத்தில் நாம் ஏறக்குறைய பத்தாயிரம் அடி வைக்கிறோம். அதில் முதல் சில பத்து அடிகளைத் தவிர மற்றவை எலும்புக்குப் பழகிப்போன இரைச்சல்தான். மேலும் அந்த அடிகள் எல்லாம் ஒரே திசையில், ஒரே அளவில், ஆண்டுக்கணக்காக விழுந்தவை.

எலும்பைக் கட்டத் தூண்டுவது பெரிய சுமை, சட்டென்று விழும் சுமை, பழகாத திசையிலிருந்து வரும் சுமை. ஓட்டம் கால் எலும்புகளுக்கும் இடுப்புக்கும் ஓரளவு உதவுகிறது. முதுகெலும்புக்கு அதிகம் செய்வதில்லை; மணிக்கட்டுக்கு ஒன்றுமே இல்லை. நீச்சலும் சைக்கிளும் மட்டும் செய்கிறவர்களின் நிலை இதைவிட மோசம், ஏனென்றால் அவற்றில் உடல் எடையே எலும்பின் மேல் விழுவதில்லை.

அப்ப எலும்புக்கு என்னதான் செய்யணும்? எத்தனை கிலோ, எத்தனை தடவை?

கனமான எடை, குறைந்த தடவை. ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் என்ற ஆய்வின் முடிவு 2018இல் அச்சில் வந்தது. மெனோபாஸ் கடந்த, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் எட்டு மாதம், வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 30 நிமிடம், தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட், எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தலைக்கு மேல் எடை தூக்குதல் ஆகிய மூன்றையும் 5 சுற்று, சுற்றுக்கு 5 தடவை செய்தார்கள். கூடவே கம்பியைப் பிடித்து எம்பி, தரையில் அழுத்தமாக இறங்கும் பயிற்சியும் இருந்தது. அவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்றப் பிரிவினருக்கு 1.2 விழுக்காடு குறைந்தது.

எடையை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒரே ஒரு தடவை மட்டும் தூக்க முடிகிற எடையில் 80 முதல் 85 விழுக்காடு. எளிமையாகச் சொன்னால், ஆறிலிருந்து எட்டுத் தடவைக்கு மேல் உங்களால் தூக்கவே முடியாத எடை. ஐந்து தடவை முடித்ததும் இன்னும் பத்துத் தடவை தூக்கலாம் என்று தோன்றினால் எலும்புக்குச் செய்தி போகவில்லை. ஆனால் முதல் நாளே அங்கே போகக் கூடாது. அந்த ஆய்விலும் முதல் மாதம் முழுக்க வெறும் உடம்போடும் லேசான எடையோடும் முறையைத்தான் கற்றார்கள். பயிற்சியாளர் கூடவே நின்றார். தனியாக, வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

குதிப்பதையும் சேர்க்கலாம்: பத்துக் குதிப்பு, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி பத்து, இப்படி மொத்தம் நாற்பது. மேலே சொன்ன காது கேளாமையை நினைத்துக்கொண்டால் நூறு குதிப்பதில் பொருளில்லை என்பது புரியும். ஓட்டத்துக்கு முன்பே குதித்துவிடுங்கள், பின்பு அல்ல. முதுகெலும்பு முறிவு ஏற்கனவே இருந்தாலும், ஸ்கேனில் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எளிதில் முறியும் அளவு எலும்பு மெலிந்த நிலை, என்று வந்திருந்தாலும், மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்ட பிறகே குதிக்க வேண்டும். அதுவரை எடையோடு முதுகை வளைத்துக் குனிவதும் கூடாது.

குதிச்சா சிறுநீர் கசியுது. வெட்கமா இருக்கு, அதனாலயே விட்டுட்டேன்.

வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. என் குழுவிலேயே பாதிப்பேர் என்னிடம் தனியாக வந்து சொன்னதுதான் இது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது சிறுநீர்ப்பாதையின் திசுவும் மெலிகிறது. இடுப்புத்தளத் தசைக்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லித்தரும் பயிற்சிக்கு மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். பலருக்கு நல்ல மாற்றம் தெரிகிறது. அதுவரை குதிப்பதை மட்டும் நிறுத்தி, எடை தூக்குவதைத் தொடருங்கள். தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட்டால் கசிவு குறையும்.

இதையெல்லாம் சேர்த்தா வாரத்துல நாளே போதாதே. எப்படி அடுக்கறது?

என் குழுவில் ஒருவரின் வாரத்தை அப்படியே சொல்கிறேன். வயது 51, எடை 56 கிலோ, கடைசி மாதவிடாய் எட்டு மாதம் முன்பு. வாரத்துக்கு ஆறு நாள், 64 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தார்: செவ்வாய் இன்டர்வெல், வியாழன் டெம்போ, ஞாயிறு 26 கி.மீ., மற்ற நாட்களில் மெதுவாக. எடைப் பயிற்சி கிடையாது. வியாழன் டெம்போ மட்டும் கிலோமீட்டருக்கு 20 வினாடி மெதுவாகிக்கொண்டே போனது. அவர் அதை ஈடுகட்ட வெள்ளிக்கிழமையும் வேகமாக ஓடினார். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் டி-ஸ்கோர், அதாவது இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுத் தரும் எண், -1.6 என்று வந்தது. -1க்கும் -2.5க்கும் இடையில் இருந்தால் அடர்த்தி குறைவு, -2.5உம் அதற்குக் கீழும் ஆஸ்டியோபோரோசிஸ்.

நாங்கள் மாற்றியது இப்படி. திங்கள் முழு ஓய்வு. செவ்வாய் காலை 10 கி.மீ. இன்டர்வெல், அதே நாள் மாலை எடை. கடினமான இரண்டையும் ஒரே நாளில் வைத்ததால் மறுநாள் உண்மையான ஓய்வுக்கு இடம் கிடைத்தது. புதன் மெதுவாக 6 கி.மீ., வியாழன் நாற்பது குதிப்பும் மெதுவாக 8 கி.மீ.யும். வெள்ளி எடை மட்டும். சனி மெதுவாக 5 கி.மீ., ஞாயிறு 23 கி.மீ. டெம்போவைத் தனி நாளாக வைக்காமல், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஞாயிறு ஓட்டத்தின் நடுவில் 6 கி.மீ. ஆக நுழைத்தோம். மொத்தம் 52 கி.மீ. இப்போது செவ்வாய்க்கும் ஞாயிறுக்கும் நடுவில் கடின ஓட்டமே இல்லை.

முதல் மூன்று வாரம் அவருக்குக் கால் பாரமாக இருந்தது; எடைப் பயிற்சி புதிது என்பதால் அது எதிர்பார்த்ததே. ஏழாவது வாரத்தில் டெம்போ வேகம் பழைய இடத்துக்குத் திரும்பியது. டெட்லிஃப்ட் 20 கிலோவில் தொடங்கி ஐந்து மாதத்தில் 50 கிலோவுக்கு வந்தது. பதினாலு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் டி-ஸ்கோர் -1.6ஆகவே நின்றது.

ஒன்றரை வருஷம் கஷ்டப்பட்டும் ஸ்கேன்ல ஏறலைன்னா அது தோல்விதானே?

எலும்பு வேகமாகக் கரையும் ஆண்டுகளில் அதே இடத்தில் நிற்பது ஒன்றும் சாதாரணமில்லை. அந்த ஒன்றரை ஆண்டில் 3 விழுக்காடு போயிருக்கக்கூடிய இடம் அது. தவிர, டெக்ஸா கருவிக்கே பிழை எல்லை உண்டு. அதே ஆளை மறுபடி படுக்க வைத்து எடுத்தாலும் எண் சற்று மாறும். ஆகவே ஒன்றிரண்டு விழுக்காடு ஏறினாலும் இறங்கினாலும் அதை உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்ள முடியாது. எலும்பில் ஓரிடம் கரைந்து, மறுபடி நிரம்பி, இறுகுவதற்குப் பல மாதம் பிடிக்கும். எனவே ஓராண்டுக்குள் ஸ்கேன் எடுப்பதில் பயனில்லை. எடுக்கும்போது அதே இடத்தில், அதே கருவியில் எடுங்கள். வேறு கருவியின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

கொஞ்சம் எடை குறைஞ்சா வேகம் கூடுமேன்னு சாப்பாட்டைக் குறைச்சிருக்கேன். தப்பா?

இந்த வயதில் இது எனக்கு மிகவும் பயம் தரும் பழக்கம். இளம் ஓட்டக்காரி போதுமான அளவு சாப்பிடாவிட்டால் மாதவிடாய் நின்று எச்சரிக்கும். மெனோபாஸுக்குப் பிறகு அந்த மணி அடிக்காது. உடம்பு பட்டினியில் இருப்பதை எலும்பு முறிந்த பிறகுதான் பலர் தெரிந்துகொள்கிறார்கள். இதன் மறுபக்கமும் உண்டு: 42, 43 வயதில் மாதவிடாய் நின்றால் உடனே மெனோபாஸ் என்று முடிவு கட்டாதீர்கள். பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாததும் காரணமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் பிரித்தறியலாம்.

மணி இல்லாததால் வேறு அடையாளங்களைத்தான் பார்க்க வேண்டும். சளி அடிக்கடி பிடிப்பது, சின்னக் காயம் ஆறாமல் இழுப்பது, காரணமில்லாத எரிச்சல், எடை குறையாமலே வேகம் குறைவது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் முதலில் சாப்பாட்டைக் கூட்டிப் பாருங்கள். கால்சியம் உணவிலிருந்தும் தேவைப்பட்டால் மாத்திரையிலிருந்தும் சேர்த்து நாளொன்றுக்கு 1200 மி.கி., வைட்டமின் டி ரத்தத்தில் பார்த்த பிறகு. ஆனால் இவை செங்கல்லும் சிமெண்டும் மட்டுமே. கட்டச் சொல்வது சுமைதான்.

ஓடிட்டிருக்கும்போதே குப்புன்னு முகமெல்லாம் எரியுது. ஹாட் ஃபிளாஷா, வெயில் தாக்குதா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஹாட் ஃபிளாஷ் திடீரென்று மார்பிலிருந்து முகத்துக்கு ஏறி, ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் வியர்வையோடு அடங்கிவிடும். சிலருக்குப் பின்னால் குளிர்கூட எடுக்கும். மூளையில் உடல் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதி, சிறு ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் இயல்புடையது. ஹாட் ஃபிளாஷ் வருகிறவர்களுக்கு அந்த இடைவெளி மிகவும் ஒடுங்கிவிடுகிறது. அதனால் உடம்பு உண்மையில் ஆபத்தான சூட்டில் இல்லாதபோதே அபாயச் சங்கு ஊதுகிறது. வேகத்தைக் குறைத்து, முகத்திலும் கழுத்திலும் தண்ணீர் தெளித்து, அடங்கியதும் தொடரலாம்.

வெயில் தாக்குவது இப்படி வந்து போவதில்லை. அது ஏறிக்கொண்டே போகும்: அதே வேகத்தில் நாடி கூடும், தலை வலிக்கும், குமட்டும், ஓடும்போதே சில்லிட்டுப் புல்லரிக்கும். ஐந்து நிமிடம் நடந்த பிறகும் தணியவில்லை என்றால் நிழலுக்குப் போய் அன்றைய ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். பேச்சு குழறினாலோ, கால் பின்னினாலோ, யார் எங்கே என்று தடுமாறினாலோ அது உயிராபத்து. கூட இருப்பவர்கள் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவரைக் குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமிழ்த்த வேண்டும், அல்லது உடம்பெங்கும் நீரூற்றி விசிற வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது.

முன்னல்லாம் வெயில் எனக்கு ஒண்ணுமே பண்ணாது. மறுபடியும் பழக்கிக்க முடியுமா?

முடியும். ஈஸ்ட்ரோஜன் இல்லாதபோது வியர்வை சற்றுத் தாமதமாக, உடம்பு இன்னும் கொஞ்சம் சூடான பிறகே தொடங்குகிறது. வயதும் சேர்ந்து தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. வெப்பத்துக்குப் பழகும் திறன் மட்டும் போய்விடுவதில்லை. பத்திலிருந்து பதினாலு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், நன்றாக வியர்க்கும் அளவு சூட்டில் இருந்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், நாடி இறங்கும். முதல் வாரத்திலேயே நாடியில் மாற்றம் தெரியும்; வியர்வைக்கு இன்னும் சில நாள் பிடிக்கும்.

நான் செய்யச் சொல்வது: முதல் மூன்று நாள் 25 நிமிடம் மட்டும், கடிகாரத்தில் வேகத்தைப் பார்க்காமல், மெதுவான ஓட்டத்தின் நாடி அளவைத் தாண்டாமல். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் கூட்டுங்கள். இந்த இரண்டு வாரத்தில் இன்டர்வெல்லைக் குளிர்ந்த நேரத்துக்கு மாற்றுங்கள். ஹாட் ஃபிளாஷ் தூக்கத்தைக் கெடுக்கும் வாரத்தில் தொடங்க வேண்டாம். பழகியது தங்காது, ஒரு வாரம் விட்டால் கரையத் தொடங்கும், ஒரு மாதத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் அது முடியும்படி வையுங்கள்.

எவ்வளவு தண்ணி குடிக்கணும்? தாகமே எடுக்க மாட்டேங்குது.

வயதோடு தாக உணர்வு மங்குவது உண்மை. அதற்காகக் கண்டபடி குடிப்பதும் ஆபத்து. மெதுவாக, நீண்ட நேரம் ஓடும் சிறிய உடல்வாகுள்ளவர்கள் வியர்ப்பதைவிட அதிகம் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கமும் வலிப்பும் வரலாம்.

அளந்துவிடுவதே நல்லது. ஓட்டத்துக்கு முன் எடை 58.0 கிலோ, ஒரு மணி நேரம் ஓடி, 300 மி.லி. குடித்து, உடம்பைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் 57.2. குறைந்தது 800 கிராம், குடித்தது 300. ஆக மணிக்கு 1.1 லிட்டர் வியர்க்கிறது. முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டாம். எடை 2 விழுக்காட்டுக்கு மேல் இறங்காமல் இருந்தால் போதும். ஓடி முடித்து எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள். வெயிலுக்குப் பழகிய பிறகு இந்த எண் மாறும், மறுபடி அளந்து பாருங்கள்.

சிறுநீர் அவசரத்துக்கு ஒரு மாத்திரை எடுக்கறேன். அதுக்கப்புறம் வெயில்ல ஓடவே முடியல. சம்பந்தம் இருக்கா?

இருக்கலாம், உடனே மருந்தின் பெயரைப் பாருங்கள். ஆக்ஸிபியூட்டினின் என்றால் அது வியர்வையைக் குறைக்கும் மருந்து. சிறுநீர் அவசரத்துக்குத் தருவார்கள். ஹாட் ஃபிளாஷுக்கும் சில மருத்துவர்கள் தருகிறார்கள். சும்மா இருக்கும்போது அது நிம்மதி. வெயிலில் 20 கி.மீ. ஓடும்போது உடம்பு தன்னைக் குளிர்விக்கும் முக்கிய வழியை அது அடைத்துவிடுகிறது. வாய் வறட்சியும், முகம் சிவந்தும் தோல் காய்ந்திருப்பதும் அடையாளம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். "நான் வெயிலில் நெடுந்தூரம் ஓடுகிறேன்" என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. அதுவரை குளிர்ந்த நேரத்தில் மட்டும் ஓடுங்கள்.

கவட்டைப் பக்கம் ஒரு வலி. ஓட ஆரம்பிச்சா வருது, நின்னா போயிடுது. தசைப்பிடிப்புதானே?

அப்படி இருக்கலாம், ஆனால் அப்படி நினைத்துக்கொண்டு ஓடக் கூடாது. தொடை எலும்பின் கழுத்தில் விழும் அழுத்த விரிசல் இப்படித்தான் தொடங்கும். ஓட ஓட வலி குறைந்தால் பெரும்பாலும் தசை. கூடிக்கொண்டே போனால் எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். இரவில் படுத்திருக்கும்போதும் வலிப்பது இன்னும் மோசமான அறிகுறி. உறுதி செய்துகொள்வதற்காக ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்காதீர்கள். விரிசல் முழு முறிவாகிவிடலாம்.

அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் எதுவும் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ கேளுங்கள். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒருவரை ஓட அனுப்பியதையும், ஒன்பது நாள் கழித்து அவர் அறுவை சிகிச்சைக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். ஆஸ்டியோபோரோசிஸுக்கு பிஸ்பாஸ்பொனேட் மாத்திரை பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்கு, தொடையின் நடுப்பகுதியில் வரும் மந்தமான வலியும் இதே அளவு அவசரம்.

ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கிட்டா இதெல்லாம் தேவையில்லையா? போட்டில ஊக்கமருந்துன்னு பிடிச்சிடுவாங்களா?

ஹார்மோன் சிகிச்சை ஹாட் ஃபிளாஷைக் குறைக்கும், வியர்வை மறுபடி சீக்கிரம் தொடங்க உதவும், எடுத்துக்கொள்ளும்வரை எலும்பையும் காக்கும். நிறுத்தினால் எலும்பு இழப்பு திரும்பும். எடைப் பயிற்சியின் இடத்தை அது பிடிக்காது. தசைக்கும் விழாமல் நிற்கும் சமநிலைக்கும் எடைதான் வேண்டும். யாருக்குப் பொருந்தும் என்பது மார்பகப் புற்றுநோய், ரத்த உறைவு, மெனோபாஸ் ஆகி எத்தனை ஆண்டு என்பதையெல்லாம் பொறுத்தது. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் ரத்த உறைவு ஆபத்தைக் கூட்டுவதால், போட்டிக்காக நீண்ட பயணம் செய்கிறவர்கள் தோலில் ஒட்டும் பட்டையைப் பற்றிக் கேளுங்கள்.

ஊக்கமருந்து விஷயத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் தடை செய்யப்பட்டவை அல்ல. ஆனால் மெனோபாஸுக்குத் தரப்படும் டிபோலோன், டெஸ்டோஸ்டிரோன், டிஎச்இஏ மூன்றும் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் பட்டியலில் உண்டு. எலும்புக்குத் தரும் ரலாக்ஸிஃபென்னும் தடை செய்யப்பட்டது என்பது மருத்துவர்கள் பலருக்கே தெரியாது. பரிசோதனை நடக்கும் போட்டிகளில், மூத்தோர் பிரிவில்கூட, ஓடுகிறவர் என்றால் மருந்துச் சீட்டை வாங்கும் அன்றே பட்டியலோடு ஒப்பிடுங்கள். வேறு மருந்து இல்லையென்றால் மருத்துவ விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து, அனுமதி கையில் வந்த பிறகு போட்டிக்குப் பெயர் கொடுங்கள்.